கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள்

மருத்துவ விடுதியில் எந்த பெட் ஹெட் டிக்கெட்டைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் இரண்டு சொற்கள் இருக்கும்: ‘கொன்ஷஸ், ரஷனல்’. நோயாளி விழித்திருக்கிறார், புத்தி தெளிவாகப் பேசுகிறார் என்று பொருள். முதற்சொல்லைப் பற்றி எனக்குக் குறையில்லை. கண் திறந்திருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது சொல்தான் பல காலமாக உறுத்துகிறது. அது ஒரு தீர்ப்பு. என்ன கேட்டு, என்ன பதில் வந்து, அந்தத் தீர்ப்புக்கு வந்தார்கள் என்று டிக்கெட்டில் ஒரு வரியும் இருக்காது. பெரும்பாலும் நடந்தது இதுதான்: பெயரைக் கேட்டார்கள், சொன்னார். வயதைக் கேட்டார்கள், மகள் சொன்னாள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார்கள், அதையும் மகளே சொன்னாள். ‘ரஷனல்’ என்று எழுதியாயிற்று. உண்மையில் பரிசோதிக்கப்பட்டது மகளின் மனநிலை.

இதற்கு மருந்தாகத்தான் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களின் கையில் மனநிலைப் பரிசோதனைக்கான செக்லிஸ்ட் கொடுக்கிறோம். செக்லிஸ்ட் வந்தபிறகும் உறுத்தல் போகவில்லை. முன்பு இரண்டு சொற்கள் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு ‘சரி’ அடையாளங்கள் இருக்கின்றன. தோற்றம் சரி, பேச்சு சரி, மனநிலை தாழ்வு, எண்ண ஓட்டம் சரி, பிரமை இல்லை, இடம் காலம் ஆள் மூன்றும் தெரியும், உள்நோக்கு ஓரளவு. பார்க்க முழுமையாக இருக்கிறது. ஆனால் இதை வைத்து இரவுப் பணிக்கு வரும் இன்னொருவர், நோயாளி மாறிவிட்டாரா இல்லையா என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க அதில் எதுவும் இல்லை.

பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனநலப் பிரிவுக்காக எழுதப்பட்ட பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மருத்துவ விடுதியில் வைத்தால் அது வேலை செய்யாது என்கிறேன். ஏன் என்பதைக் காட்ட ஒரு நோயாளியை எடுத்துக்கொள்கிறேன். இவர் ஒரு தனி ஆள் அல்ல; மலைநாட்டு விடுதிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரியான பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன்.

கம்பளியில் கொழுந்தெடுக்கும் கை

அறுபத்தாறு வயது அம்மா. முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்து, பென்ஷன் வயதில் மலையிலிருந்து நின்றவர். மகளோடு லயத்தில் இருக்கிறார். சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, படுக்கையை விட்டு எழும்புவதில்லை, வாசற்படியில் ஒருமுறை விழுந்தும்விட்டார் என்று கூட்டிவந்திருக்கிறார்கள். கிளினிக் கொப்பியில் பிரஷருக்கு மூன்று கிழமைக்கு முன் ஹைட்ரோகுளோரோதயசைட் 25 மில்லிகிராம் புதிதாகத் தொடங்கியது எழுதியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. காலை ஒன்பது மணிக்கு உள்ளகப் பயிற்சி வைத்தியர் செக்லிஸ்ட்டை நிரப்புகிறார். கண் தொடர்பு குறைவு, பேச்சு மெதுவாகவும் சிறிதாகவும் இருக்கிறது, மனநிலை தாழ்வு, முகத்தில் உணர்ச்சி குறைவு. ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியும், மகளைத் தெரியும், காலை நேரம் என்பதும் தெரியும். கணவர் போன வருடம் இறந்ததாக மகள் சொல்கிறாள். எல்லாக் கட்டங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன: மனச்சோர்வு. மனநல வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதப்படுகிறது.

அன்றிரவு தாதியரின் குறிப்பில் ஒரு வரி: நோயாளி நித்திரை கொள்ளவில்லை, அமைதியற்று இருந்தார். மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது இன்னும் தெளிவு. ராத்திரி முழுக்க அந்த அம்மா கம்பளியை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடு என்று ஒருமுறை சொன்னாராம்.

மலையில் பிறந்து வளர்ந்த யாரும் அந்தக் கையசைவை ஒரு கணத்தில் அடையாளம் கண்டுவிடுவார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முதுகுக் கூடையில் போடும் கை அது. வாழ்நாள் முழுக்கச் செய்த தொழிலின் அசைவை, தொழிற்களம் இல்லாத இடத்தில் கை தானாகச் செய்துகொண்டிருப்பது, உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பமான டெலிரியத்தில் நெடுங்காலமாகப் பதிவான ஒன்று; படுக்கை விரிப்பைக் கிள்ளுவதும் அப்படியே. தையற்காரர் இல்லாத துணியைத் தைப்பார், சாரதி இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார், இவர் கொழுந்தெடுக்கிறார். ‘அமைதியற்று இருந்தார்’ என்ற சொல் இது அனைத்தையும் விழுங்கிவிட்டது. ‘கம்பளியைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிகிறார்’ என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தால், வாசித்த முதல் ஆளுக்கே நோய் விளங்கியிருக்கும்.

இங்கே இரண்டாவது பிழை ஒன்றும் நடக்கக் காத்திருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பிள்ளைகள் தெரிகிறார்கள் என்ற செய்தி செக்லிஸ்ட்டில் ‘பிரமை உண்டு’ என்ற கட்டத்தில் விழும். உடனே ‘மனச்சோர்வு’ என்ற பெயர் ‘உளப்பிணி’ என்று மாறும். யாராவது ஹலோபெரிடோல் எழுதுவார்கள். அறுபத்தாறு வயதில், முன்பு மனநோய் ஏதும் இல்லாத ஒருவருக்கு, இரவில் மட்டும் கண்ணுக்கு உருவங்கள் தெரியத் தொடங்கினால் முதலில் தேடவேண்டியது இரத்தத்திலும் சிறுநீரிலும் மருந்துப் பட்டியலிலும்தான். இந்த அம்மாவின் சோடியம் 119க்கு இறங்கியிருந்தது.

வரிசையை மாற்றினேன், ஏனென்றால்

வழமையான மனநிலைப் பரிசோதனைத் தாளில் தோற்றமும் நடத்தையும் முதலில் வரும். பிறகு பேச்சு, மனநிலை, எண்ணம், புலனுணர்வு. கடைசிக்குச் சற்று முன்னால்தான் அறிதிறன். மனநலப் பிரிவில் அந்த வரிசைக்கு நியாயம் உண்டு. அங்கே வருபவர்களில் பெரும்பாலானோருக்கு விழிப்பும் கவனமும் கெட்டிருப்பதில்லை. மருத்துவ விடுதியில் நிலைமை தலைகீழ். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, ஈரல் கெட்டவர், கசிப்பை நிறுத்தி மூன்றாம் நாளில் இருப்பவர், சோடியம் இறங்கியவர், தூக்கத்துக்கும் அரிப்புக்கும் மாத்திரை போட்டவர், இவர்களெல்லாம் ஒரே வரிசையில் படுத்திருக்கிறார்கள். இவர்களிடம் முதலில் கெடுவது கவனம். கவனம் போனால் அதற்குப் பிறகு கேட்கும் எந்தக் கேள்விக்கான பதிலையும் நம்ப முடியாது. குறைவாகப் பேசுவது சோகத்தாலா, கேள்வி மனதில் நிற்காததாலா? நினைவு இல்லை என்பது நினைவின் குறையா, முதலிலேயே பதியாததா? இதைப் பிரிக்காமல் ‘மனநிலை தாழ்வு’ என்று எழுதுவது ஈர அடுப்பில் ஊதுவது போல, மூச்சுத்தான் வாங்கும்.

ஆகவே மருத்துவ விடுதிக்கான தாளில் மூன்று விடயங்கள் மேலே ஏறவேண்டும்: விழிப்பு, கவனம், பிறகு இடம் காலம். அவற்றுக்குக் கீழே ஒரு தடித்த கோடு. கோட்டின் மேல் ஒரு வாக்கியம் அச்சிடப்பட்டிருக்கவேண்டும்: ‘மேலே தவறியிருந்தால், கீழே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதவும், நோயின் பெயர் எழுதவேண்டாம்.’ இந்த ஒரு வாக்கியத்துக்காகவே தாளைத் திரும்ப அச்சிடலாம்.

அடுத்த மாற்றம் கட்டங்களில். ‘சரி’, ‘சரியில்லை’ என்ற இரண்டு கட்டங்களையும் எடுத்துவிட்டு மூன்று வைக்கவேண்டும்: கேட்டேன், கண்டேன், கேட்க முடியவில்லை. மூன்றாவதுக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடம் விடவேண்டும். காது கேட்கவில்லை, மொழி தெரியவில்லை, ஒட்சிசன் மாஸ்க், மகள் விலகவில்லை, எதுவாகவும் இருக்கலாம். பயிற்சி வைத்தியர்கள் பொய் எழுதுவதில்லை. கேட்காத கேள்விக்கு நேர்மையாக விடையெழுத தாளில் இடமில்லாததால்தான் ‘சரி’ போடுகிறார்கள். இடம் கொடுத்தால் உண்மையை எழுதுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நோயாளி சொன்ன சொற்களை மேற்கோளில் எழுத ஒன்றரை அங்குல வெற்றிடம் வேண்டும். தாளின் மேல் மூலையில் திகதியோடு நேரமும் வேண்டும். டெலிரியம் ஏறி இறங்கும் நோய். காலை ஒன்பது மணித் தாளும் இரவு ஒன்பது மணித் தாளும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வேறுபாடே அறிகுறி. நேரம் எழுதாத தாளில் அது தெரியாது.

கவனத்தைப் பார்ப்பது எப்படி

இடம், காலம், ஆள் தெரிந்தால் கவனமும் இருக்கிறது என்று நினைப்பதுதான் நான் கண்ட பரவலான தப்பெண்ணம். மேலே சொன்ன அம்மாவுக்கு மூன்றும் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் பலமுறை சொன்ன பதில்கள் கவனம் இல்லாமலும் வாயில் வந்துவிடும். கவனம் என்பது ஒன்றைப் பிடித்து, சில விநாடிகள் தவறவிடாமல், மனதுக்குள் புரட்டுவது. ஆகவே புரட்டும் வேலை ஒன்றைக் கொடுக்கவேண்டும்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும் பரிசோதனையை மலைநாட்டு விடுதியில் முதலாவதாகப் பயன்படுத்தவேண்டாம். இரண்டாம் மூன்றாம் வகுப்போடு மலைக்குப் போன தலைமுறை இது. அவர்கள் தவறினால் கவனம் தவறியதா, கணக்கு வராததா என்று நமக்குத் தெரியாது. கிழமை நாட்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் நேராகச் சொல்லச் சொல்லவேண்டும்: “அம்மா, கிழமை பேரெல்லாம் ஒருக்கா சொல்லுங்க பாப்போம். ஞாயிறு, திங்கள்…” அவர் ஏழையும் நேராகச் சொன்னால், அந்த வரிசை அவரிடம் இருக்கிறது என்பது உறுதி. இந்த முதற்படியைத் தாண்டிவிட்டு நேரே இரண்டாம் படிக்குப் போகக்கூடாது. போனால் தோல்வியை விளக்க முடியாது. பிறகு: “இப்ப அதையே பின்னால இருந்து சொல்லுங்க. சனி, வெள்ளி, அப்படியே வாங்க.” இவ்வளவுதான் உதவி. இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அரை நிமிடம் காத்திருக்கவேண்டும்.

அந்த அம்மா சொன்னது இது: “சனி… வெள்ளி… வியாழன்… புதன்… வியாழன், வெள்ளி, சனி.” வேகமாக, நிம்மதியாக முடித்தார். தான் திசைமாறியது அவருக்குத் தெரியவில்லை. இன்னொருமுறை கேட்டபோது வெள்ளி வரை வந்து, பக்கத்துக் கட்டிலின் சேலைன் போத்தலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கேட்ட கேள்வி போய்விட்டது.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பரிசோதனை முழுவதும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. மனச்சோர்வுள்ளவர் இதே கேள்விக்கு வேறு விதமாகத் தவறுவார். “தெரியாது”, “முடியல, விடுங்க” என்பார்; தொடங்கவே மாட்டார். கொஞ்சம் உந்தினால், நீண்ட இடைவெளி விட்டாலும் சரியாகவே கொண்டுவந்து முடிப்பார். டெலிரியத்தில் இருப்பவர் முயல்கிறார், தொடங்குகிறார், வழியில் தவறவிடுகிறார், தவறவிட்டதும் தெரிவதில்லை. இந்த வேறுபாட்டை எந்தக் கட்டத்திலும் ‘சரி’ போட்டுக் காட்ட முடியாது. அவர் சொன்ன ஏழு சொற்களை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினால் மட்டுமே காட்டலாம். “சனி, வெள்ளி, வியாழன், புதன், வியாழன், வெள்ளி, சனி” என்ற ஒரு வரி, ஒரு பக்க விளக்கத்தைவிட மேல்.

ஒரு தவறு வந்து அவரே நிறுத்தித் திருத்திக்கொண்டால் அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். ஏழும் நேராக வந்தால் அதோடு நிறுத்தியும்விடவேண்டாம். கிழமை நாட்கள் எளிது, இலேசான டெலிரியம் இதைத் தாண்டிவிடும். சந்தேகம் இருந்தால் மாதங்களைப் பின்னாலிருந்து கேட்கலாம். சித்திரை, வைகாசி தெரிந்தவரிடம் தமிழ் மாதம், ஜனவரி தெரிந்தவரிடம் அது; எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதவேண்டும். இலக்கங்களையும் சொல்லிப் பார்க்கலாம்: ஒரு விநாடிக்கு ஒன்றாக, ஒரே தொனியில், 3-8-2-9 என்று சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது, பிறகு ஐந்து இலக்கம். தொலைபேசி இலக்கம் சொல்வதுபோலச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னால் பரிசோதனை கெட்டுப்போகும்.

வரிசைகளே தெரியாதவர், வாயால் பேச முடியாதவர் என்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். “நான் நம்பர் சொல்லுவேன். மூணுன்னு சொல்லும்போது மட்டும் என் கைய அழுத்துங்க.” பிறகு 6, 3, 1, 8, 3, 5, 3, 3, 9, 2 என்று மூன்று விநாடிக்கு ஒன்றாக மெதுவாகச் சொல்லுங்கள். மூன்று வரும்போது அழுத்தாவிட்டால் ஒரு பிழை, வேறு இலக்கத்துக்கு அழுத்தினால் ஒரு பிழை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆங்கில எழுத்துகளை வைத்துச் செய்யும் பரிசோதனையின் உருவம் இது. அங்கே இரண்டுக்கு மேற்பட்ட பிழை வந்தால் கவனம் குறைவு என்று கொள்வார்கள். இலக்கத்தில் செய்யும்போது அந்த எல்லையைக் கண்டிப்பான புள்ளியாகப் பிடிக்காமல், என்ன நடந்தது என்று எழுதிவைப்பதே நேர்மை.

கவனம் தவறியபின் மீதியை ‘காம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கன்ஃபியூஷன் அசெஸ்மென்ட் மெதட் வழிநடத்தும். 1990 இல் வெளிவந்தது, இன்றும் நிற்கிறது. திடீர்த் தொடக்கமும் ஏற்ற இறக்கமும் ஒன்று, கவனக்குறைவு இரண்டு, கோர்வையற்ற எண்ணம் மூன்று, விழிப்பில் மாற்றம் நான்கு. டெலிரியம் என்று சொல்ல முதல் இரண்டும் கட்டாயம் இருக்கவேண்டும்; அவற்றோடு மூன்றோ நான்கோ ஒன்று. முதலாவதுக்கு விடை நோயாளியிடம் இல்லை. மகளிடம் ஒரே கேள்வி கேட்கவேண்டும்: “அம்மா கடைசியா நல்லா, பழையபடி இருந்தது எப்ப?” மகள் சொன்னாள்: “போன ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்தாங்க, பேரனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாங்க.” அப்படியென்றால் ஆறு நாள். கணவரின் இறப்பு ஒரு வருடத்துக்கு முந்தியது. ஆறு நாளில் ஒருவரை இப்படி ஆக்குவது சோகமாக இருக்கக்கூடும் என்பதைவிட உப்பாக இருக்கக்கூடும் என்பது பலமடங்கு சாத்தியம்.

மொழி என்னும் இடையாள்

மலைநாட்டு விடுதிகளில் உள்ளகப் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் சிங்களம் பேசுபவர்கள். தமிழ் பேசுபவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர்களாக இருக்கலாம். ஒரு சிற்றூழியரோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்ப்பார். நல்ல மனதோடு செய்கிறார்கள். அந்த நல்ல மனதுதான் சிக்கல். நோயாளி கோர்வையில்லாமல் சொன்னதை அவர்கள் கோர்வையாக்கித் தருகிறார்கள். நோயாளி திணறினால் விடையை முணுமுணுக்கிறார்கள். எண்ண ஓட்டம் சிதைந்திருப்பது மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விடும். தொடங்குமுன் அவரிடம் மூன்று விடயம் சொல்லவேண்டும்: அவர் சொன்ன சொல்லையே சொல்லுங்கள், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், விடை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கவனப் பரிசோதனையை மட்டும் இடையாள் வைத்துச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. சிங்களம் பேசும் ஒரு வைத்தியர் ஏழு கிழமைப் பெயர்களையும் ஒன்றிலிருந்து பத்து வரையும், “பின்னால இருந்து சொல்லுங்க” என்ற வாக்கியத்தையும் தமிழில் கற்க அரை மணித்தியாலம் போதும். ஆறு மாத மருத்துவப் பயிற்சியின் முதல் நாளே தாளின் பின்பக்கத்தில் இவற்றைச் சிங்கள எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம்.

தமிழரே கேட்டாலும் வழுக்கும் சொற்கள் உண்டு. “ரொம்ப யோசனையா இருக்கு” என்று இங்கே ஒருவர் சொன்னால் கவலையாக இருக்கிறது என்று பொருள். அதை ‘எண்ணங்கள் அதிகம்’ என்று எழுதிய தாள்கள் உண்டு. வாசிப்பவர் மனவெழுச்சி நோய் என்று நினைப்பார். “நெஞ்சு பாரமா இருக்கு” என்பது சில நேரம் இதயம், சில நேரம் துக்கம். இரண்டையும் கேட்கவேண்டும், இசிஜி எடுத்துவிட்டால் துக்கத்தைக் கேட்கவேண்டாம் என்று ஆகாது. காலத்தைத் தெரியுமா என்று பார்க்கத் திகதி கேட்பதைவிட, “சம்பள நாள் போயிருச்சா?”, “போயா வந்திருச்சா?”, “தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?” என்று கேட்டால் உண்மை தெரியும். லயத்தில் நாட்கள் அப்படித்தான் எண்ணப்படுகின்றன. செய்வினை, முனி அடித்தது என்று ஒருவர் சொன்னால் அது பிரமையான நம்பிக்கையா என்பதை நாம் தீர்மானிக்கவேண்டாம். வீட்டாரிடம் கேட்கவேண்டும்: “உங்க பக்கத்துல மத்தவங்களும் இப்படி நெனைப்பாங்களா? இவங்க முந்தியும் இப்படிச் சொல்லுவாங்களா?” வீட்டாரே திகைத்தால் அதை எழுதுங்கள்.

கட்டிலின் கால்மாட்டில் நிற்பவர்

சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றி. முழுத் தாளையும் ஒரே நாளில் கற்பிக்கப் போனால் பயிற்சி வைத்தியர் கட்டங்களை நிரப்பக் கற்றுக்கொள்வார், அவ்வளவுதான். முதல் கிழமையில் கோட்டுக்கு மேலுள்ள மூன்றை மட்டும் கற்பிக்கலாம். மூன்று நோயாளிகள் போதும்: தெளிவாக இருக்கும் ஒருவர், குழம்பியிருக்கும் ஒருவர், சாவதற்காக மருந்து குடித்து வந்த அல்லது மிகச் சோர்ந்திருக்கும் ஒருவர். வார்ட் ரவுண்ட் நேரத்திலும் பார்வையாளர் நேரத்திலும் வேண்டாம். இரண்டிலும் கவனம் சிதறுவதற்கு நோய் தேவையில்லை. உட்காருமுன் செய்யவேண்டியவை தாளின் முதல் வரியில் இருக்கட்டும்: கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா, கடந்த 24 மணித்தியாலத்தில் தூக்கம் தரும் மருந்து ஏதும் போயிருக்கிறதா, சீனி எவ்வளவு, ஒட்சிசன் எவ்வளவு. அரிப்புக்குப் போடும் பிரிட்டோன் மாத்திரையையும் அமிட்ரிப்டிலினையும் இங்கே பெயர் சொல்லி எழுதவேண்டும், ஏனென்றால் அவற்றை யாரும் மனதைப் பாதிக்கும் மருந்தாக நினைப்பதில்லை. தாதியரின் இரவுக் குறிப்பை வாசித்தேன் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

பயிற்சி வைத்தியர் கேட்கும்போது கற்பிப்பவர் கால்மாட்டில் நின்று, பேசாமல், தானும் ஒரு தாளை நிரப்பவேண்டும். இதுதான் கடினம். நோயாளி திணறும்போது மூத்தவரின் வாய் தானாகத் திறக்கும். திறக்கக்கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தபின், விடுதிக்கு வெளியே இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேற்கோள்களை மட்டும் ஒப்பிடவேண்டும். ஒருவர் “சனி, வெள்ளி, வியாழன்” என்றும் மற்றவர் ‘ஓரளவு முடிந்தது’ என்றும் எழுதியிருந்தால் பேசுவதற்கு விடயம் கிடைத்துவிட்டது. இருவரும் கேட்டதே வேறு என்றால் விவாதிக்கவேண்டாம்; திரும்பக் கட்டிலுக்குப் போய்க் கேட்கவேண்டும். கோட்டுக்குக் கீழுள்ளவை இரண்டாம் கிழமைக்கு.

அந்தக் கீழ்ப்பகுதியில் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதப்படும் வரி ஒன்று உண்டு. தற்கொலை எண்ணம். கேட்டால் அந்த எண்ணத்தைப் புகுத்திவிடுவோம் என்று இளையவர்கள் பயப்படுகிறார்கள்; கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. உண்மையான தடை, வாயில் வரும் சொல் இல்லாதது. ஆகவே சொற்களையே தாளில் அச்சடித்துவிடவேண்டும், படிப்படியாக: “வாழ்க்கை வெறுத்துப்போன மாதிரி இருக்கா?”, “செத்துட்டா பரவாயில்லன்னு நெனைச்சீங்களா?”, “அதுக்கு ஏதாவது செய்யலாம்னு நெனைச்சீங்களா?”, “வீட்டுல மருந்து ஏதும் வச்சிருக்கீங்களா?” கடைசிக் கேள்வியில் மருந்து என்பது மாத்திரையும் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தும் இரண்டுமே. மருந்து குடித்து வந்தவர் பொலிசுக்குப் பயந்து மறைக்கலாம். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 இலிருந்து குற்றமில்லை என்பதை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். மகனும் மருமகளும் கட்டிலைச் சுற்றி நிற்க இதைக் கேட்டால் கிடைக்கும் ‘இல்லை’க்கு மதிப்பில்லை.

அந்த அம்மாவுக்கு வருவோம். சோடியத்தை இறக்கிய தயசைட் நிறுத்தப்பட்டது. சோடியத்தை அவசரப்படாமல், 24 மணித்தியாலத்தில் 8 அலகுக்கு மேல் ஏறவிடாமல், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு ஏற்றினார்கள். தயசைட் நின்றபின் சோடியம் தானாகவே வேகமாக ஏறிவிடக்கூடும், வேகமாக ஏறினால் மூளைத்தண்டு கெடக்கூடும். முதல் நாள் முடிவில் 125, மறுநாள் 131. இந்த இடத்தில் பயிற்சி வைத்தியருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். இலக்கம் பெரும்பாலும் நேரானது, அம்மா நேராகவில்லை. மூன்றாம் நாள் மாலையும் புதனில் திரும்பி வியாழனுக்குப் போனார். மூளை இரத்தத்தைவிட மெதுவாகத் தெளிகிறது. வயதானவர்களில் நாட்களும் எடுக்கும், கிழமைகளும் எடுக்கும். சோடியம் சரியாயிற்றே, அப்படியென்றால் மனச்சோர்வுதான் என்று பழைய கடிதத்தைத் திரும்பவும் எடுக்கும் தவறு பெரும்பாலும் இந்த மூன்றாம் நாளில்தான் நடக்கிறது. தாளில் கிழமை வரிசை தினமும் எழுதப்பட்டிருந்தால், குழப்பம் இன்னும் தீரவில்லை என்பது தெரியும்.

ஏழாம் நாள் காலை ஒன்பதே கால் மணித் தாளில் கவனத்துக்குரிய வரியில் இப்படி இருந்தது: ‘“சனி, வெள்ளி, வியாழன், புதன், செவ்வா, திங்கள், ஞாயிறு. எத்தன தடவ கேப்பீங்க டொக்டர்?”’ அதற்குக் கீழே, கோட்டுக்கு அப்பால், மனநிலைக்கான வரியில்: ‘கணவரைப் பற்றிக் கேட்டதும் அழுதார். “அவர் போனதுல இருந்து வீட்டுல ஒரு கோப்பை கொறையுது.” நித்திரை, பசி மறுபடி கேட்கவேண்டும்.’